குதிரைப் படி நின்ற வருஷம்

சர்க்கார் உத்தியோகத்தில் ஒருவரை மேலே ஏற்றுவதற்கு யாரும் பெரிதாகக் காரணம் எழுதுவதில்லை. மேலே இருப்பவருக்குப் பிடித்திருந்தால் போதும். கீழே இறக்குவதற்குத்தான் காரணம் வேண்டும், அதுவும் பக்கம் பக்கமாக. தாமிரபரணிக் கரைத் தாலுகா ஆபீஸ் ஒன்றில் நான் இரண்டாவது குமாஸ்தாவாக இருந்தபோது, அப்படி ஓர் உத்தரவுக்கு வரைவு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதால் என் இங்கிலீஷ் வளவளவென்று இருக்காது என்று தாசில்தாருக்கு ஒரு நம்பிக்கை.

இறக்கப்பட வேண்டியவர் எங்கள் தாலுகாவில் சில கிராமங்கள் சேர்ந்த ஒரு பிர்க்காவின் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். ஜரிகைத் தலைப்பாகையும், அதைத் தாங்குவதற்கென்றே வளர்த்தது போன்ற ஒரு கழுத்தும் உடையவர். இன்ஸ்பெக்டரின் வேலை என்னவென்றால், கிராமக் கர்ணம் கணக்கில் எழுதியிருப்பதும் வயலில் இருப்பதும் ஒன்றுதானா என்று நேரில் போய்ப் பார்ப்பது. எந்த வயலில் என்ன பயிர், எது தரிசு, சர்க்கார் புறம்போக்கில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்பதையெல்லாம் கண்ணால் கண்டு டைரியில் எழுத வேண்டும். எங்கள் இன்ஸ்பெக்டர் கண்ணால் காணாமல் காதால் கண்டுகொண்டிருந்தார். கிராமத்துச் சாவடியில் திண்டு போட்டுச் சாய்ந்துகொள்வார். கர்ணம் கணக்கை வாசிப்பார். இவர் தலையாட்டுவார். பிறகு வாழையிலை போடுவார்கள். அந்த வாழையிலை எந்தத் தோட்டத்தில் அறுத்தது என்று கேட்டிருந்தாலே அவருடைய உத்தியோகம் பிழைத்திருக்கும். அவர் கேட்கவில்லை, பாயசம் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

வயல் வயலாகப் போவதற்கு இன்ஸ்பெக்டர் ஒரு மட்டக்குதிரை வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காகச் சம்பளம் நாற்பது ரூபாய்க்கு மேல் குதிரைப் படி என்று மாதம் பத்து ரூபாய் உண்டு. எங்கள் இன்ஸ்பெக்டர் படியை வைத்துக்கொண்டார், குதிரையை வைத்துக்கொள்ளவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை தாசில்தார் குதிரையைப் பார்வையிடுவார். அன்றைக்குக் காலையில் கடைத்தெரு வண்டிக்காரர் ஒருவர் தன் வண்டியிலிருந்து பழுப்பு நிற மட்டக்குதிரையை அவிழ்த்துக் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் கட்டுவார். தாசில்தார் அதன் முதுகைத் தட்டிக் கொடுத்து, "நல்ல குதிரை" என்று கையெழுத்துப் போடுவார். மத்தியானம் அதே குதிரை பூட்டிய வண்டியில்தான் தாசில்தார் சந்தைக்குப் போவார். இது எல்லாருக்கும் தெரியும். தாசில்தாரும் ஒரு காலத்தில் இன்ஸ்பெக்டராக இருந்தவர்தானே.

ஜமாபந்தி என்று வருஷா வருஷம் வெயில் காலத்தில் நடக்கும். டிவிஷனுக்கு அதிகாரியான வெள்ளைக்காரத் துரை வந்து கூடாரம் போட்டு, கிராமக் கணக்குகளையெல்லாம் சரிபார்த்து வரியை முடிவு செய்வார். முதல் வருஷம் துரை பிடித்தது இரண்டாம் போகம் விளைந்த வயல்களை. கணக்கில் அவை தரிசாகக் கிடந்தன. இன்ஸ்பெக்டரிடம் சமாதானம் கேட்டார்கள். குதிரைக்குக் கால் சுளுக்கு, அதனால் போக முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தார். எச்சரிக்கையோடு விட்டார்கள். மறு வருஷமும் அதே மாதிரிப் பிழை, அதே சமாதானம். குதிரைக்குக் கால் சுளுக்கு. இந்தத் தடவை கண்டனம் எழுதி அவருடைய பதிவேட்டில் சேர்த்தார்கள்.

மூன்றாம் வருஷம் துரை கௌதாரி சுடுவதற்காகத் துப்பாக்கியோடு விடியற்காலையில் ஆற்றுப் படுகையில் இறங்கினார். படுகை சர்க்கார் புறம்போக்கு. இன்ஸ்பெக்டரின் டைரியில் அந்த இடம் 'மணல்' என்று இருந்தது. துரை அந்த மணலில் வழி தவறிவிட்டார். அவ்வளவு அடர்த்தியான வாழைத்தோட்டம். அரை மணி நேரம் சுற்றி, குலைகளுக்கு நடுவே தலையை நீட்டி, ஒரு பெண்பிள்ளையிடம் வழி கேட்டு வெளியே வந்தார். வந்தவர் கூடாரத்துக்குப் போய் டைரியைக் கொண்டுவரச் சொன்னார்.

குற்றச்சாட்டு எழுதிக் கொடுத்துச் சமாதானம் கேட்டார்கள். மூன்றாவது சமாதானமும் வந்தது. நான் முந்தைய இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். மூன்று வருஷமாக ஒரே காலில் சுளுக்கோடு நிற்கும் குதிரை. ஒரு வரியாவது புதிதாக எழுதிச் சோம்பலை மறைக்கக்கூடச் சோம்பல்பட்ட மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

தாசில்தார் என்னைக் கூப்பிட்டார். "துரை முடிவு பண்ணிட்டாரு. குமாஸ்தா கிரேடுக்கு இறக்கணும். வரைவு நீரு எழுதும்வே. கோவம் ஒண்ணும் வேண்டாம், காரியம் மட்டும் இருந்தாப் போதும்."

"குதிரைக் காலையும் எழுதவா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டார். "கால எழுதும். குதிரய ரொம்ப நோண்டாதயும்."

நான் எழுதிய உத்தரவு இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். மூன்று ஜமாபந்தியிலும் கண்ட பிழைகள் என்ன, ஒவ்வொரு தடவையும் என்ன எச்சரித்தோம், அவர் என்ன சமாதானம் சொன்னார், அதை ஏன் ஏற்கவில்லை என்பது முதல் பகுதி. வேலையிலிருந்து நீக்கவில்லை, இனி உத்தரவு வரும் வரையில் இதே தாலுகா ஆபீஸில் குமாஸ்தா கிரேடில் கடைசி ஆளாக வைக்கிறோம், அடுத்த ஜமாபந்திக்குப் பிறகு அவருடைய வேலையைப் பார்த்து மறுபடி யோசிப்போம் என்பது இரண்டாவது. மூன்றாவது சம்பளம். இன்ஸ்பெக்டர் பொறுப்பை ஒப்படைக்கும் நாள் வரையில் அவர் வாங்கிய, வாங்க வேண்டிய நாற்பது ரூபாய்ச் சம்பளத்தில் கை வைப்பதில்லை. பழைய சம்பளத்தில் எதையும் திருப்பிக் கேட்பதுமில்லை. ஒப்படைத்த மறுநாளிலிருந்து இருபத்தைந்து ரூபாய். குதிரைப் படி ஆளுக்குக் கொடுப்பதல்ல, வேலைக்குக் கொடுப்பது. வேலை போகும் அன்றே அதுவும் நிற்கும். கடைசியில், இதன் பேரில் கலெக்டருக்கு அப்பீல் செய்துகொள்ளலாம் என்று ஒரு வரி.

துரை ஒரு வார்த்தையை மட்டும் அடித்தார். 'வருந்துகிறோம்' என்று நான் வழக்கம்போல் சேர்த்திருந்தேன். வருத்தம் எதற்கு, எனக்கு வருத்தமில்லையே என்றாராம்.

உத்தரவைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கு வந்து, நின்றபடியே படித்தார். முதல் பகுதியை வேகமாகத் தாண்டினார். அதில் அவருக்குப் புதிதாக ஒன்றுமில்லை. மூன்றாவது பகுதியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"குதிரைப் படிய ஏம்வே நிறுத்துதீய? கிரேடுதான இறங்குது. குதிர இருக்கத்தான செய்யுது?"

இப்படி ஒரு கேள்வியை முகம் மாறாமல் கேட்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. "குமாஸ்தாவுக்குக் குதிரை எதுக்கு அண்ணாச்சி? நாற்காலிலதான உக்காரணும்" என்றேன்.

"பழசத் திருப்பிக் கேக்க மாட்டீயள்லா?"

"மாட்டோம். அதுலயே ரெண்டாவது வரியப் பாருங்க."

அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்பீல் செய்யவில்லை. செய்தால் குதிரையைப் பற்றிக் கலெக்டர் கேட்பார் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த மாதச் சம்பளப் பட்டியலில் அவருக்கு மட்டும் இரண்டு வரி. முதல் வரியில் இன்ஸ்பெக்டர், இரண்டாம் வரியில் குமாஸ்தா. இரண்டுக்கும் நேரே ஒரே மனிதர் இரண்டு கையெழுத்துப் போட்டார். முதல் கையெழுத்து பெரிதாக இருந்தது.

கையெழுத்துப் போட்ட கையோடு என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். அப்போதுதான் அவருக்கு என்ன கவலை என்பது தெரிந்தது. மகளுக்குக் களக்காட்டில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நிறைய நிலபுலம் உள்ளவர்கள். அவர்கள் பெண்ணையும் பார்க்கவில்லை, ஜாதகத்தையும் அவ்வளவாகப் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டர் வீட்டுப் பெண் என்ற ஒரு சொல்லைத்தான் பார்த்தார்கள். போதாக்குறைக்கு, மாப்பிள்ளையின் தாய்மாமன் இவர் தெருவிலேயே, எதிர்வீட்டில், ஜவுளி வியாபாரம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீரு எங்கனயும் வாய விட்டுராதயும்வே. பிள்ள வாழ்க்க."

"நான் ஏன் அண்ணாச்சி விடுதேன்" என்றேன். விடவில்லை. விட வேண்டிய அவசியமும் இல்லை. ஊருக்கே தெரிந்துவிட்டது. தெரியாது என்று அவர் ஒருவர் மட்டும் நம்பிக்கொண்டிருந்தார். ஊரும் அவரை 'இன்ஸ்பெக்டரய்யா' என்று முன்பைவிடக் கூடுதலாகவே கூப்பிட்டது. அதில் எவ்வளவு கேலி இருந்தது என்பது அவர் தலைப்பாகைக்குள் ஏறவில்லை.

இனி அவர் செய்ததைக் கேளுங்கள். பதவி இருந்த வரையில் குதிரையே இல்லாமல் இருந்தவர், பதவி போன மறுவாரம் குதிரை வைத்தார். கடைத்தெரு வண்டிக்காரரின் அதே பழுப்புக் குதிரைதான். விடிந்ததும் வாசலில் வந்து நிற்கும். ஜரிகைத் தலைப்பாகையோடு ஏறி, தாய்மாமன் கடை திறந்து உட்காரும் வரையில் தெருவிலேயே சேணத்தைச் சரிசெய்துகொண்டிருப்பார். அவர் கண்ணில் பட்ட பிறகு மேற்கே, பிர்க்கா இருக்கும் திசையில், பைய நடத்திக்கொண்டு போவார். தாலுகா ஆபீஸ் இருந்ததோ கிழக்கே. ஆற்றங்கரை வழியாகப் பெரிய சுற்றுச் சுற்றி, ஆபீஸின் பின்வாசலுக்கு வந்து, அங்கே காத்திருக்கும் வண்டிக்காரரிடம் குதிரையை ஒப்படைத்துவிட்டு உள்ளே நுழைவார். வாடகை அவருடைய இருபத்தைந்து ரூபாயில் போயிற்று. சர்க்கார் பணம் கொடுத்தபோது வராத குதிரை, கைப்பணத்தைத் தின்றுகொண்டு தினமும் வந்தது. இதைவிடப் பெரிய கோமாளித்தனத்தை என் சர்வீஸில் நான் பார்க்கவில்லை.

காலையிலேயே கிளம்புகிறவர் ஆபீஸ் திறக்கும் வரையில் எங்காவது பொழுதைப் போக்க வேண்டுமே. சாவடிக்குப் போக முடியாது. அங்கே இப்போது வேறு இன்ஸ்பெக்டர் இருந்தார். அதனால் வேறு வழியில்லாமல் வயலுக்குள் சுற்றினார். பிசானப் பருவத்து நெல் நடவு நடந்துகொண்டிருந்த காலம். குதிரையில் ஒரு தலைப்பாகை வரப்பில் வந்தால் சும்மா இருப்பார்களா? மடையை அடைத்துவிட்டான் என்று ஒருவன் வந்தான். என் வயலைத் தரிசு என்று எழுதுவதாகக் காசு வாங்கிய கர்ணம், எனக்கு எழுதாமல் பக்கத்து வயலுக்கு எழுதிவிட்டான் என்று இன்னொருவன் வந்தான். நான் இப்போது இன்ஸ்பெக்டர் இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவர் சொல்வாரா? குதிரையிலிருந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, எந்த வயல் என்று காட்டச் சொல்லிக் கூடவே போனார். கௌரவத்துக்காகப் போனார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆபீஸில் அவருக்குக் கொடுத்த வேலை, கர்ணங்கள் அனுப்பும் கணக்கைக் கூட்டிப் பார்ப்பது. என் பக்கத்து மேஜை. ஒருநாள், எந்த வயலில் என்ன பயிர் என்று கர்ணம் எழுதும் அடங்கல் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"தரிசுங்கான். காலைல நான் அந்தத் தரிசுலதான் முழங்கால் மட்டும் இறங்கி எந்திரிச்சு வந்தேன். நாத்து நட்டு எட்டு நாளாச்சுவே."

பக்கத்தில் குறிப்பு எழுதித் தாசில்தாருக்கு அனுப்பினார். அதன் பிறகு வாரத்துக்கு நாலு குறிப்பாவது போயிற்று. கர்ணங்கள் நடுங்கிவிட்டார்கள். மூன்று வருஷம் தாங்கள் பாயசம் ஊற்றி வளர்த்த மனிதர் இப்படிக் கடிப்பார் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டருக்குக்கூட இவர்தான் எந்த மடையில் எவன் கல் வைத்திருக்கிறான் என்று சொல்லிக் கொடுத்தார். காலில் சேற்றுப்புண் வந்தது. முகம் கறுத்தது. கழுத்து கொஞ்சம் வளையத் தொடங்கியது. எனக்கே அவர்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. இன்றைக்கு நினைத்தால் அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. நானும் போயிருந்தேன். பந்தலுக்கு முன்னால் குதிரை கட்டியிருந்தது. அதற்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் தாய்மாமன் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உத்தரவு நீங்க எழுதினதுதானாமே?" என்றார்.

கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்துவிட்டு, யார் சொன்னது என்று கேட்டேன்.

"ஆவணியிலயே தெரியும். கடைக்கு வாரவன் ஒருத்தன் விடாமச் சொன்னான். களக்காட்டுலயும் சொல்லியாச்சு. அவுக சம்பந்தத்த விட்டுரலாம்னாக. நான்தான் சொன்னேன், சம்பளம் குறைஞ்சும் ஒரு மனுசன் தினம் வயலுக்குப் போறான், அவன் பிள்ள நம்ம வீட்டுக்கு வரட்டும்னு." அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டார். "அவருட்ட சொல்லிராதிய. குதிரைய நிறுத்திருவாரு."

மகளின் கல்யாணத்தை நடத்தி வைத்தது இன்ஸ்பெக்டர் என்ற பட்டமல்ல, அது போனதை மறைக்க அவர் போட்ட வேஷம். அந்தத் தாய்மாமனுக்கு எங்கள் ஆபீஸில் உள்ள எல்லாரையும்விட நிதானம் இருந்தது. ஆனாலும் மனிதரை அவரும் கொஞ்சம் தப்பாகத்தான் கணக்குப் போட்டிருந்தார்.

கல்யாணம் முடிந்த பிறகும், மகள் வாழும் இடத்துக்குச் செய்தி போய்விடக் கூடாதே என்று குதிரை வந்துகொண்டுதான் இருந்தது. வைகாசியில் துரை ஜமாபந்திக்கு வந்தார். கணக்குகள் வயலோடு பொருந்தின. படுகையில் வாழை இருந்தது, கணக்கிலும் வாழை இருந்தது, வைத்தவனுக்கு அபராதமும் இருந்தது. இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது என்று துரை கேட்டார். குமாஸ்தாவின் குறிப்புகளைத் தாசில்தார் எடுத்து வைத்தார். அந்தச் சமயத்தில் புது இன்ஸ்பெக்டர் வள்ளியூர்ப் பக்கம் மாற்றலாகிப் போக, இடமும் காலியாக இருந்தது. உத்தரவில் சொன்னபடியே துரை மறுபடி யோசித்தார். பழைய கிரேடுக்கே ஏற்றச் சொல்லிவிட்டார்.

அந்த வரைவும் என்னிடம்தான் வந்தது. பொறுப்பேற்கும் நாளிலிருந்து நாற்பது ரூபாய். இறங்கியிருந்த காலத்துக்குப் பாக்கி எதுவும் கிடையாது. குதிரை வைத்துக்கொள்ளும் நிபந்தனையின் பேரில், அதே நாளிலிருந்து குதிரைப் படி பத்து ரூபாய். சாயங்காலம் உத்தரவை அவர் கையில் கொடுத்தேன். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

அவர் நேராகச் சம்பளப் பகுதிக்குப் போனார். "இடையில போனதக் குடுக்க மாட்டீயளோ?"

"அது இறக்கின காலத்துச் சம்பளம் அண்ணாச்சி. குத்தம் இல்லன்னு ரத்து பண்ணினாத்தான் பாக்கி. இது அப்படி இல்ல."

"நல்லா இருக்கே நியாயம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பழைய பெரிய கையெழுத்து.

பின்வாசலில் புளியமரத்தடியில் வண்டிக்காரர் குதிரையோடு நின்றிருந்தார். செய்தி அவருக்கும் போயிருந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நானும் அவர்களோடு அங்கேதான் நின்றேன்.

"எசமான், நாளைக்கும் விடியத்தானே கொண்டாரணும்?"

"வேண்டாம்லே. இனிமே கொண்டாராத."

"ஏன் எசமான், திரும்பவும் இன்ஸ்பெக்டர் ஆயிட்டியன்னு சொன்னாகளே?"

"அதத்தாம்லே சொல்லுதேன். படி வந்துட்டுல்லா. இனி எதுக்குக் குதிர?"

சொல்லிவிட்டு, பின்வாசலை விட்டு, முன்வாசல் வழியாகப் பெரிய தெருவில் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்து போனார். வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் குதிரையைப் பார்த்தேன். அந்த இடத்தில் வெட்கம் என்று ஒன்று யாருக்காவது இருந்திருக்குமானால் அந்தக் குதிரைக்குத்தான் இருந்திருக்கும்.

அடுத்த மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டரின் டைரி என் மேஜைக்கு வந்தது. ஆற்றுப் படுகை, மணல் என்று எழுதியிருந்தார். அதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, சம்பளப் பட்டியலை எடுத்து, அவருக்கு நேரே 'குதிரைப் படி, ரூபாய் பத்து' என்று எழுதினேன்.